உயர் ரத்த அழுத்தம்: கிராமத்துப் பெண்களுக்கான நலக்கல்விக்குப் பாடத்திட்டம் எழுதும் முறை

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு மாணவி. சமுதாய நலப் பயிற்சியில் கிராமத்துப் பெண்களுக்கு உயர் ரத்த அழுத்தம் பற்றி 40 நிமிடம் நலக்கல்வி நடத்த வேண்டும். அதற்குப் பாடத்திட்டம் எப்படி எழுதுவது? புத்தகத்தில் உள்ள தலைப்புகள் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமா?

பதில்:

சேர்க்க வேண்டாம். விளக்கம், வகைகள், காரணங்கள், நோய் உருவாகும் விதம், அறிகுறிகள், பின்விளைவுகள், சிகிச்சை என்ற புத்தக வரிசை, நோயாளியைப் பராமரிக்கப் போகும் செவிலியருக்காக அமைந்தது. அதை அப்படியே கட்டங்களில் நிரப்பினால், இருபதாவது நிமிடத்தில் நீங்கள் இன்னும் முதல்நிலை, இரண்டாம்நிலை என்று வகைகளைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பெண்கள் வீட்டில் செய்யக்கூடிய உப்பும் மாத்திரையும் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் அடைபட்டுவிடும். கல்லூரி கொடுத்திருக்கும் படிவத்தில் நேரம், நோக்கம், பாடப்பொருள், ஆசிரியர் செயல், கற்போர் செயல், துணைக் கருவி, மதிப்பீடு என்று கட்டங்கள் இருக்கும். அவற்றின் வரிசையை மாற்ற வேண்டியதில்லை. நிரப்பும் வரிசையை மட்டும் மாற்றுங்கள்: கடைசியில் உள்ள மதிப்பீட்டுக் கட்டத்தை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துச் சொல்கிறேன். நெல் விவசாயம் செய்யும் ஓர் ஊராட்சி என்று வைத்துக்கொள்வோம். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த 18 பெண்கள், முப்பது முதல் அறுபது வயது வரை, மாலை நான்கரை மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூடுகிறார்கள். பாதிப் பேருக்குச் சரளமாகப் படிக்க வராது. அனைவர் வீட்டிலும் அவர்களே சமைக்கிறார்கள்.

எழுத உட்காருவதற்கு முன், அந்த ஊருக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரை ஒருமுறை பார்த்துப் பேசிவிடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுப்பவர் அவர். யார் யாருக்கு மாத்திரை போகிறது, யார் வாங்கி வைத்துவிட்டுப் போடாமல் இருக்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பெயர்களை நீங்கள் கேட்க வேண்டாம். காரணங்களை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படிவத்தில் ‘கற்போரின் முன்னறிவு’ என்று ஒரு வரி உண்டு. பெரும்பாலான மாணவிகள் அதில் ‘கற்போருக்கு இந்நோய் பற்றி ஓரளவு தெரியும்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வரியை வைத்து எதையும் திட்டமிட முடியாது. ‘சிலர் மாத்திரை பெறுகிறார்கள்; தலைசுற்றல் இருந்தால்தான் போட வேண்டும் என்று நினைக்கிறார்கள்; கால்வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும் வழக்கம் உண்டு; கருவாடும் ஊறுகாயும் அன்றாட உணவில் உண்டு’ என்று எழுதினால், பாடத்தின் பாதி அங்கேயே தயாராகிவிடும்.

இனி மதிப்பீடு. கூட்டம் முடிந்த பின் இந்தப் பெண்களிடம் என்ன கேட்டு, என்ன பதில் வந்தால் பாடம் போய்ச் சேர்ந்தது என்று ஒப்புக்கொள்வீர்கள்? ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுதுங்க’ என்ற பதில்தான் வரும். அது உங்கள் மீதான மரியாதையைக் காட்டுகிறதே தவிரப் புரிதலைக் காட்டுவதில்லை. எனவே நிலைமையைச் சொல்லிக் கேட்கும் மூன்று கேள்விகளை எழுதுங்கள். ‘உங்க நாத்தனாருக்கு ஒரு வலியும் இல்லை, ஆனா பிரஷர் 150-க்கு 96 இருக்குன்னு சொல்லிட்டாங்க, அவங்க என்ன செய்யணும்?’ என்பது முதலாவது. ‘உங்க வீட்டுல ஒரு கிலோ உப்பு எத்தனை நாளைக்கு வரணும்?’ என்பது இரண்டாவது. ‘மாத்திரை போட்டு பிரஷர் சரியாயிடுச்சு, இனிமே வேண்டாம்னு உங்க மாமியார் சொல்றாங்க, நீங்க என்ன சொல்வீங்க?’ என்பது மூன்றாவது. பாடம் மூன்று பகுதிகளாக இந்தக் கேள்விகளிலிருந்தே பிரிந்துவிடும். எந்தக் கேள்விக்கும் விடையாக அமையாத செய்தியை, அது எவ்வளவு சரியான செய்தியாக இருந்தாலும், விட்டுவிடலாம்.

நோக்கங்களை எழுதும்போது ‘அறிந்துகொள்வார்கள்’, ‘புரிந்துகொள்வார்கள்’ என்ற வினைகளைத் தவிர்த்து, கண்ணால் பார்க்கவும் காதால் கேட்கவும் கூடிய வினைகளை எழுதுங்கள்: ‘140/90 என்ற எல்லையைச் சொல்வார்’, ‘தன் வீட்டுக்குரிய உப்பின் அளவைக் கணக்கிட்டுச் சொல்வார்’, ‘மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது என்பதற்கான காரணத்தைத் தன் சொற்களில் கூறுவார்’. மூன்று நோக்கங்கள் போதும். எட்டு நோக்கங்கள் இருந்தால்தான் மதிப்பெண் என்று உங்கள் ஆசிரியர் எண்ணினால், நேரத்தைக் காட்டி விளக்குங்கள்: அறிமுகத்துக்கு 5 நிமிடம், எண்களுக்கு 8, உப்புக்கு 12, மாத்திரைக்கு 10, மதிப்பீட்டுக்கு 5 என்று போட்டாலே நாற்பதும் முடிந்துவிடுகிறது.

எண்களைப் பற்றிய பகுதியில், இதயம் சுருங்கும்போது ரத்தக் குழாயில் ஏற்படும் அழுத்தம் மேல் எண் என்றும், தளரும்போது இருப்பது கீழ் எண் என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, 140/90 என்ற எல்லைக்கு வந்துவிடுங்கள். இரண்டில் ஏதேனும் ஒன்று இந்த அளவை எட்டினாலும் கவனிக்க வேண்டும் என்பதும், ஒருநாள் அளவை மட்டும் வைத்து நோய் என்று முடிவு செய்யாமல் வேறொரு நாளும் அளந்து பார்ப்பார்கள் என்பதும் அவசியம் சொல்ல வேண்டியவை. அதைவிட அவசியமானது, பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது என்பது. புத்தகத்தில் தலைவலி, தலைசுற்றல், மூக்கில் ரத்தம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை நீங்கள் வாசித்தால், ‘எனக்கு அதெல்லாம் இல்லை, அப்போ பிரஷர் இல்லை’ என்ற முடிவுக்குத்தான் கேட்பவர் வருவார். முதல் நோக்கம் அங்கேயே உடைந்துபோகும். ஆகவே அறிகுறிப் பட்டியலைப் பாடப்பொருளில் எழுதாமல், ‘அளந்து பார்க்காமல் தெரியாது’ என்பதை மட்டும் எழுதுங்கள். பின்விளைவுகளில் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு மூன்றையும் பெயர் சொன்னால் போதும். படங்களைக் காட்டிப் பயமுறுத்தினால் கூட்டம் அமைதியாகும், ஆனால் பயந்தவர் அளந்து பார்க்க முன்வருவது குறைவு.

உப்புதான் இந்தப் பாடத்தின் நடுநாயகம். ஏனென்றால் அது அந்தப் பெண்களின் கையில் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதை அப்படியே சொன்னால் யாருக்கும் பயன்படாது. யாரும் ஆளுக்கொரு தேக்கரண்டி என்று எடுத்து வைத்துச் சமைப்பதில்லை. குழம்பில் கையால் அள்ளிப் போடுகிறார்கள், அதுவும் கல் உப்பானால் தேக்கரண்டிக் கணக்கே பொருந்தாது. அவர்களுக்குத் தெரிந்த அளவு, பாக்கெட் எத்தனை நாள் வருகிறது என்பதுதான். ஒரு கிலோ என்பது 1000 கிராம். ஆளுக்கு 5 கிராம் என்றால் 200 பங்கு. அந்த 200-ஐ வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், பாக்கெட் எத்தனை நாள் வர வேண்டும் என்பது கிடைக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் 50 நாள், ஐந்து பேர் உள்ள வீட்டில் 40 நாள்.

இந்தப் பகுதிக்கான வரிசையை முழுமையாக எழுதிக் காட்டுகிறேன். நேரம் 12 நிமிடம். நோக்கம், தன் வீட்டுக்குரிய உப்பின் அளவைக் கணக்கிட்டுச் சொல்வது. ஆசிரியர் செயல் என்ற கட்டத்தில், ‘ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கையில் எடுத்துக் காட்டி, இது உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று மூவரிடம் கேட்டுப் பதில்களைக் கரும்பலகையில் எழுதுதல்; பின் நாள் கணக்கைப் போட்டுக் காட்டுதல்’ என்று எழுதுங்கள். கற்போர் செயல் என்ற கட்டத்தில் ‘கவனித்தல்’ என்று எழுதாமல், ‘தங்கள் வீட்டு ஆள் எண்ணிக்கையைச் சொல்லி நாளைக் கணக்கிடுதல்’ என்று எழுதுங்கள். துணைக் கருவிகள்: உப்புப் பாக்கெட், தேக்கரண்டி, ஒரு துண்டு கருவாடு, ஊறுகாய்ப் பாட்டில், அப்பளம். மதிப்பீடு, மேலே எழுதிய இரண்டாவது கேள்வி.

நான்கு பேர் உள்ள வீட்டுப் பெண் ஒருவர் ‘இருபத்தஞ்சு நாள்ல தீந்துடும்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் செலவாகிறது. வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. உடனே ஐம்பது நாளுக்கு இழுக்கச் சொன்னால் அன்றிரவே சாப்பாட்டுத் தட்டு முன் சண்டை வரும். கால் பங்கு குறைத்தால் பாக்கெட் ஏறக்குறைய 33 நாள் வரும். முதல் மாத இலக்காக அதைச் சொல்லுங்கள். சில வாரங்களில் நாக்கு குறைந்த உப்புக்குப் பழகிவிடும் என்பதால், அதன்பின் இன்னும் குறைப்பது எளிது. சோறு வடிக்கும்போது போடும் உப்பு, தட்டில் தனியாக வைக்கும் உப்பு, மோரில் போடும் உப்பு ஆகிய மூன்றையும் முதலில் நிறுத்தலாம். குழம்பின் புளிப்பும் மிளகும் எலுமிச்சையும் மீதிக் குறையை ஈடுசெய்யும்.

இந்தக் கணக்கின் எல்லைகளையும் திட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடையில் வாங்கும் மிக்சர் ஆகியவற்றின் உப்பு அந்தப் பாக்கெட்டில் வராது. எனவே அவை அடிக்கடி சேரும் வீட்டில் பாக்கெட் இன்னும் அதிக நாள் வர வேண்டும். மீன் கழுவவும் மாட்டுக்கு வைக்கவும் அதே பாக்கெட்டிலிருந்து எடுத்தால் கணக்கு மறுபக்கம் தவறும். சிறு குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடக் குறைவாகவே உப்புத் தேவை. இது நுட்பமான அளவீடு இல்லை, ஆனால் ஒரு வீட்டில் மாதத்துக்கு மாதம் உப்பு குறைகிறதா என்று அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ள இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் இரண்டு கேள்விகள் எழும் என்று எதிர்பார்த்து விடையை எழுதி வையுங்கள். ‘வெயில்ல வேர்வை சிந்தி நடவு நடுறோம், உப்பு கொறைச்சா மயக்கம் வராதா?’ என்பது ஒன்று. வெயிலில் உழைத்துப் பழகிய உடல் வியர்வையில் உப்பை முன்பைவிடக் குறைவாகவே வெளியேற்றும். வேலையின்போது முக்கியமாகத் தேவைப்படுவது தண்ணீர். ஆனால் சிறுநீர் அதிகம் பிரியச் செய்யும் பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கு வயலில் தலைசுற்றல் வந்தால், அவர் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மற்றொன்று இந்துப்பு. அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான் என்பதால், அதை விருப்பம்போலச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் தவறு. அயோடின் சேர்த்த உப்பையே அளவு குறைத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

மாத்திரைப் பகுதியில், தன்னார்வலர் சொன்ன காரணங்கள் கைகொடுக்கும். அதிகம் கேட்கக் கிடைப்பது, ‘130-க்கு 80 ஆயிடுச்சுன்னாங்க, அதான் நிறுத்திட்டேன்’ என்பது. அதற்குரிய விடையைப் பேச்சு வழக்கிலேயே பாடப்பொருள் கட்டத்தில் எழுதுங்கள்: ‘அக்கா, அந்த 130 மாத்திரை போட்டதால வந்த 130. நிறுத்தினா திரும்ப ஏறிடும். குறைக்கிறதா இருந்தா டாக்டர் அளந்து பார்த்துட்டுக் குறைப்பாங்க.’ எழுத்து நடையில் எழுதி வைத்தால் கூட்டத்தில் அதை மனத்துக்குள் மாற்றிப் பேச வேண்டியிருக்கும். பதற்றத்தில் ‘ரத்த நாளங்களின் மீள்தன்மை’ என்று வாயில் வந்துவிடும்.

இரண்டாவது காரணம் பக்கவிளைவு. அம்லோடிபின் எடுப்பவர்களில் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் வரும். கால் வீங்கினால் கிட்னி போய்விட்டது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருப்பதால், அவர் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். எனலாப்ரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல் வருவதும் இப்படித்தான். வீக்கமோ இருமலோ வந்தால் மருத்துவரிடம் காட்டினால் காரணத்தைப் பார்த்து வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். மூன்றாவது விரதம். அமாவாசை, கிருத்திகை என்று சாப்பிடாத நாளில் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். அம்லோடிபின், டெல்மிசார்டன் ஆகியவற்றை வெறும் வயிற்றிலும் போடலாம். ஆனால் சர்க்கரைக்கும் சேர்த்து மாத்திரை எடுப்பவர் விரதம் இருக்கும் நாளில் அந்த மாத்திரையை எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘வெறும் வயிற்றில் போடலாம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் ஆபத்து. ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது என்பதும் இங்கே சேரும்.

வயல் வேலை செய்யும் பெண்களுக்கு இன்னொரு செய்தியை அவசியம் சேர்க்க வேண்டும். முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போட்டும் அளவு இறங்காதவர்களிடம் இதை முதலில் கேட்டுப் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார் இருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லலாம். கர்ப்ப காலத்தில் அழுத்தம் உயர்ந்திருந்தவர்கள் பிரசவத்துக்குப் பின்னும் ஆண்டுதோறும் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை, இளம் பெண்கள் இருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரத்த அழுத்தம் அளப்பதைப் பாடத்துக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா என்ற கேள்வி எப்போதும் வரும். பின் வையுங்கள். முன்னால் அளந்தால், அதிகம் என்று கேட்டவர் பாடம் முழுவதும் தன் எண்ணையே நினைத்துக்கொண்டிருப்பார். தவிரவும் வேகமாக நடந்து வந்த உடனே எடுக்கும் அளவு கூடுதலாகவே காட்டும். பாடத்துக்குப் பின் என்றால் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் அளக்கும் முன் ஐந்து நிமிடம் பேச்சில்லாமல், முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய உட்கார வைக்க வேண்டும். எனவே முதுகு உள்ள நாற்காலி ஒன்றும் கை வைக்க மேசை ஒன்றும் கருவிகள் பட்டியலில் எழுதப்பட வேண்டும். தரையில் பாயில் உட்கார்ந்தவருக்குத் தொங்கும் கையில் எடுத்தால் அளவு கூடிவிடும். ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் அதன் மேலேயே பட்டையைச் சுற்றாமல், கையைத் தளர்த்தி, மேல்கையில் துணி இல்லாத இடத்தில் சுற்ற வேண்டும். இதற்காகவே ஒரு மறைப்பு தேவை. அளவை உரக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள். 18 பேரையும் ஒருவரே அளந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், தன்னார்வலரும் உங்கள் தோழி ஒருவரும் உதவுவதாகத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

180/110 அல்லது அதற்கு மேல் வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் அதே அளவு இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணையோடு அனுப்ப வேண்டும். நெஞ்சு வலி, ஒரு பக்கம் கைகால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் ஏதேனும் சேர்ந்திருந்தால் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேல் அந்த நிலையத்தில் மருத்துவர் இருப்பாரா, இல்லையென்றால் எந்த மருத்துவமனை என்பதை முதல் நாளே கேட்டு, பெயரோடு எழுதிவிடுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்விகளையும் மூன்று வெவ்வேறு பெண்களிடம் கேளுங்கள். எப்போதும் முன்வரிசையில் இருந்து பதில் சொல்பவரை விட்டு, சுவரோரம் உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள். பதில் தவறினால் அவரைத் திருத்தாமல், அந்தப் பகுதியை நீங்கள் வேறு விதமாக ஒருமுறை சொல்லிவிட்டு மறுபடி கேட்க வேண்டும். பின்தொடர் மதிப்பீடாக ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள்: இனி ஒவ்வொரு உப்புப் பாக்கெட்டையும் பிரிக்கும் நாளில், சுவரில் தொங்கும் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிடச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். இரண்டு பாக்கெட் பிரித்த பின் குழுக் கூட்டத்துக்குத் தன்னார்வலர் போகும்போது எத்தனை பேர் வட்டமிட்டார்கள், பாக்கெட் எத்தனை நாள் வந்தது என்று கேட்டுச் சொன்னால், உங்கள் அறிக்கையில் ‘கற்போர் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்ற வழக்கமான வரிக்குப் பதிலாக அந்த எண்களை எழுதலாம்.